இரண்டு போன், ஆறு வரி, ஒரு வெயிட்டேஜ் கணக்கு

2024 ஜூனில் அக்காவுக்குப் புதுப் போன் வாங்க வேண்டியிருந்தது. அலசி ஆராய்ந்து பட்டியலை இரண்டாகச் சுருக்கியாயிற்று. ஒன்று சாம்சங் கேலக்சி ஏ55, 256 ஜிபி. அறிமுக விலை 42,999 ரூபாய். இன்னொன்று கூகுள் பிக்சல் 8ஏ, 128 ஜிபி. அறிமுக விலை 52,999 ரூபாய். "இதுல எதுடா நல்லது?" என்று அக்கா கேட்டாள். இரண்டுமே நல்ல போன்கள்தான். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் இரண்டு வாரம் யூடியூப் பார்த்துக் குழம்பிப்போய், கடைசியில் கடைக்காரர் கையில் எடுத்துக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

ஒப்பீட்டு இணையதளங்களில் இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். ஐம்பது அறுபது வரி இருக்கும். அதில் இல்லாத ஒரே ஆள், போனை வைத்துக்கொள்ளப் போகிறவர். அவரை உள்ளே கொண்டுவருவதற்குத்தான் நாமே ஓர் அட்டவணை போடுகிறோம். முழு வேலையும் ஒரு மாலை நேரத்தில் முடியும். ஒரு தாளும் பேனாவும் போதும், கணக்குக்கு மட்டும் கூகுள் ஷீட்ஸோ எக்செல்லோ இருந்தால் வசதி.

அக்கா பள்ளி ஆசிரியை. அதனால் வெயிட்டேஜ் என்ற சொல்லை அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு காலத்தில் பட்டதாரி ஆசிரியர் நியமனத்தில் டெட் மதிப்பெண்ணுக்கு 60, பிளஸ் டூவுக்கு 10, பட்டப்படிப்புக்கு 15, பி.எட்.டுக்கு 15 என்று பிரித்துக் கூட்டினார்களே, அதே கணக்குதான். எல்லாப் பாடத்துக்கும் மதிப்பெண் போடுகிறோம், ஆனால் எல்லாப் பாடத்தையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை.

முதலில் வாசலில் நிறுத்துங்கள்

அட்டவணை போடும் முன்பே, "இது இல்லையென்றால் வேண்டவே வேண்டாம்" என்கிற நிபந்தனைகளை ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். இவற்றுக்கு மதிப்பெண் கிடையாது. தேறினால் உள்ளே, இல்லையென்றால் வெளியே. ஏனென்றால் மதிப்பெண் கணக்கில் ஒரு குறையை இன்னொரு நிறை ஈடுகட்டிவிடும். கேமராவில் வாங்கிய ஐந்து, சிம் போட இடமில்லாத குறையை மறைத்துவிடக் கூடாது.

அக்காவின் நிபந்தனை இரண்டு. ஒன்று, 55,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. இரண்டு, இரண்டு எண்களும் ஒரே போனில் இருக்க வேண்டும். ஒன்று வீட்டுக்கு, ஒன்று பள்ளிக்கும் பெற்றோர்களுக்கும்.

இரண்டாவது நிபந்தனையில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருந்தது. ஏ55-இல் இரண்டு சிம் அட்டை போடலாம். ஆனால் இரண்டாவது சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே இடம். விவரப் பட்டியலில் "இரட்டை சிம்" என்றும் "மெமரி கார்டு வசதி" என்றும் தனித்தனி வரிகளில் டிக் போட்டிருப்பார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்த முடியாது என்பது அந்த டிக்குகளிலிருந்து தெரியாது. பிக்சலில் ஒரு சிம் அட்டைதான், இன்னொரு எண் அட்டையே இல்லாத இ-சிம்மாக இருக்க வேண்டும். அக்காவின் ஒரு எண்ணை இ-சிம்மாக மாற்ற முடியுமா என்று அந்த நிறுவனத்தின் செயலியில் பார்த்தோம். முடியும். சரி, இரண்டு போனும் வாசலைத் தாண்டின.

பழைய போனைக் கேளுங்கள்

"உனக்குப் போனில் எது முக்கியம்?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். எல்லோரும் பேட்டரி, கேமரா, ஸ்டோரேஜ் என்று விளம்பரத்தில் வரும் வரிசையிலேயே சொல்வார்கள். அக்காவும் அப்படித்தான் சொன்னாள். உண்மையான பதில் அவளுடைய பழைய போனுக்குள் இருந்தது.

ஆண்ட்ராய்டில் `Settings` திறந்து `Digital Wellbeing` என்ற இடத்துக்குப் போங்கள். எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் என்று நாள்வாரியாகக் காட்டும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இதே விவரம் `Screen Time` என்ற பெயரில் இருக்கும். ஒரே நாளைப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். விடுமுறை நாள் ஒன்றும் வேலை நாள் நான்கும் சேர்த்துப் பாருங்கள். அப்புறம் `Storage` பகுதியில் இதுவரை எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரியைப் பொறுத்தவரை செயலி தேவையில்லை. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் எத்தனை சதவீதம் மிச்சம் இருக்கிறது என்று மூன்று நாள் எழுதினால் போதும்.

அக்காவின் போன் சொன்னது இது. நாளுக்குச் சுமார் மூன்றரை மணி நேரம் திரை ஓடுகிறது. அதில் பாதிக்கு மேல் வாட்ஸ்அப்பும் அழைப்புகளும். யூடியூப் முக்கால் மணி நேரம், அதுவும் பேருந்தில். கேம் எதுவும் இல்லை. நான்கு வருடத்தில் மொத்தம் 71 ஜிபி நிரம்பியிருக்கிறது. படங்களைப் புரட்டினால் ஏறக்குறைய எல்லாமே வீட்டுக்குள்ளோ வகுப்பறைக்குள்ளோ எடுத்தவை. டியூப்லைட் வெளிச்சம், ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள், கரும்பலகை, நோட்டுப் புத்தகம். மலையோ கடலோ பத்துப் படம்கூட இல்லை.

இன்னொரு விஷயம் போனில் இல்லை, பேச்சில் வந்தது. காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரம் பேருந்தில் நின்றுகொண்டு போகிறாள். ஒரு கை கம்பியில், ஒரு கையில் போன். இரண்டு முறை கீழே விழுந்ததும் அந்த நிலையில்தான்.

எந்த வரிகளை வைப்பது, எதைத் தூக்குவது

முதல் விதி: இரண்டு போனிலும் ஒன்றாக இருப்பதை எழுதாதீர்கள். இந்த இரண்டிலும் ரேம் 8 ஜிபிதான், திரை 120 ஹெர்ட்ஸ்தான், தண்ணீர் தூசுக்கு எதிரான பாதுகாப்பு ஐபி67தான். இரண்டிலும் ஹெட்போன் துளை இல்லை, இரண்டுக்கும் பெட்டிக்குள் சார்ஜர் வராது. எவ்வளவு முக்கியமானதாக இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே எண் ஏறினால் எது முன்னால் என்பது மாறப் போவதில்லை. அட்டவணைதான் நீளும், இரண்டு மொத்தமும் நெருங்கிவந்து வித்தியாசம் சின்னதாகத் தெரியும்.

இரண்டாவது விதி கொஞ்சம் நுட்பமானது, புதிதாகப் போடுகிறவர்கள் அதிகம் சறுக்குவதும் இங்கேதான். ஒரே விஷயத்துக்கு ஒரே வரி. மெகாபிக்சல் ஒரு வரி, கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஓஐஎஸ் ஒரு வரி, அகலக் கோணம் ஒரு வரி, முன் கேமரா ஒரு வரி என்று எழுதினால், கேமராவுக்கு நீங்கள் அறியாமலே நான்கு பங்கு கொடுத்துவிட்டீர்கள். பிறகு வெயிட்டேஜ் எப்படிப் போட்டாலும் கேமராதான் ஜெயிக்கும். பேட்டரியின் எம்ஏஎச், சார்ஜிங் வாட், எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதும் அப்படியே. அக்காவுக்கு இந்த மூன்றும் சேர்ந்து ஒரே கேள்வி: "நான் வீடு திரும்பும்வரை போன் உயிரோடு இருக்குமா?"

பிராசசர் வரியையும் தூக்கிவிட்டேன். ஏ55-இல் எக்ஸினோஸ் 1480, பிக்சலில் டென்சர் ஜி3. இரண்டாவது வேகமானதுதான், ஆனால் வாட்ஸ்அப்பும் அழைப்பும் யூடியூபும் ஓட்டுகிறவருக்கு அந்த வேகம் எங்கே தெரியப் போகிறது? கேம் ஆடும் தம்பிக்கு வாங்குவதாக இருந்தால் இதுவே முதல் வரியாக இருந்திருக்கும்.

மிஞ்சியது ஆறு. கையில் பிடிப்பு, சர்வீஸ், கேமரா, பேட்டரி, ஸ்டோரேஜ், அப்டேட். ஐந்திலிருந்து எட்டு வரி இருந்தால் சரியாக இருக்கும். பத்தைத் தாண்டினால் ஒவ்வொரு வரிக்கும் கிடைக்கும் பங்கு அவ்வளவு சின்னதாகிவிடும், எதை மாற்றினாலும் மொத்தம் அசையாது.

ஒன்றுக்கும் ஐந்துக்கும் என்ன பொருள்

மதிப்பெண் ஒன்றிலிருந்து ஐந்து வரை. ஆனால் எண்ணைப் போடும் முன் ஒவ்வொரு வரியிலும் 1 என்றால் என்ன, 5 என்றால் என்ன என்று அவருடைய ஒரு நாளை வைத்து எழுத வேண்டும். 1 என்பது "தினமும் எரிச்சல் வரும்". 5 என்பது "இதற்கு மேல் கிடைத்தாலும் எனக்குத் தெரியப் போவதில்லை". பேட்டரிக்கு 1 என்றால் மதியம் மூன்று மணிக்கே சார்ஜர் தேட வேண்டும். 5 என்றால் இரண்டாம் நாள் காலை வரை தாங்கும்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பலர் விவர எண்ணையே மதிப்பெண்ணாக மாற்றிவிடுகிறார்கள். அதிகம் உள்ளதற்கு 5, மற்றதை அதே விகிதத்தில் குறைப்பது. பார்க்கக் கணக்காகத்தான் இருக்கும். ஆனால் 5,000 எம்ஏஎச்சுக்கும் 4,492 எம்ஏஎச்சுக்கும் உள்ள விகிதமும், ஐந்து வருடத்துக்கும் ஏழு வருடத்துக்கும் உள்ள விகிதமும் அக்காவின் வாழ்க்கையில் ஒரே அளவு வலிக்காது. போனை ஐந்து வருடத்தில் மாற்றுகிறவருக்கு ஆறாம் ஏழாம் வருட அப்டேட் பக்கத்து வீட்டுப் பால் மாதிரி, இருந்தும் உதவாது.

இதைவிட மோசம், ஜெயித்ததற்கு 5 தோற்றதற்கு 1 என்று போடுவது. இரண்டே போன் இருக்கும்போது கை தானாக அங்கேதான் போகும். 25 கிராம் வித்தியாசமும் 5–1, ஊரில் சர்வீஸ் சென்டரே இல்லாததும் 5–1 என்றால், அட்டவணைக்குக் கண் தெரியவில்லை என்று பொருள்.

வெயிட்டேஜ் போடும் கேள்வி

இங்கேதான் முழு விஷயமும் இருக்கிறது. போன்களுக்கு மதிப்பெண் போடும் முன்பே இதை முடித்துவிடுங்கள். மதிப்பெண் தெரிந்தபின் வெயிட்டேஜ் போட்டால் மனசு ஏற்கெனவே ஆசைப்பட்ட போனுக்குச் சாதகமாகக் கை நகரும்.

அக்காவிடம் கேட்டது இப்படி: "ஆறு விஷயத்திலும் ஒன்று வாங்கிய ஒரு மோசமான போன் உன் கையில் இருக்கிறது. கனமாக இருக்கும், மதியமே பேட்டரி தீரும், ரிப்பேர் என்றால் வெளியூர் போகணும், படம் மங்கலாக வரும். அதில் ஒன்றே ஒன்றை மட்டும் ஐந்துக்கு ஏற்றித் தருகிறேன். எதை ஏற்றட்டும்?"

அவள் முதலில் பேட்டரி என்றுதான் வாயெடுத்தாள். பிறகு நிறுத்திக்கொண்டு, "ஸ்டாஃப் ரூம்ல என் மேசை பக்கத்துலயே பிளக் பாயின்ட் இருக்குடா. கையில நிக்காத போனை வச்சுக்கிட்டு பஸ்ல என்ன பண்றது?" என்றாள். கையில் பிடிப்பு முதலிடம். அதற்கு 10.

அப்புறம் அடுத்தது எது, அதைத் தொடர்ந்து எது என்று இறங்கிப் போக வேண்டும். ஒவ்வொன்றையும் அந்த 10-ஓடு ஒப்பிட்டு எண் போடுங்கள். சர்வீஸ், கேமரா இரண்டுக்கும் 8. பேட்டரிக்கு 6. ஸ்டோரேஜுக்கும் அப்டேட்டுக்கும் 4. மொத்தம் நூறு வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சூத்திரம் அதைப் பார்த்துக்கொள்ளும். நூறைப் பிரிக்கச் சொன்னால் மனிதர்கள் எண்களைக் கூட்டிக் கழிப்பதில் மும்முரமாகி, கேள்வியை மறந்துவிடுகிறார்கள்.

"எது முக்கியம்" என்று பொதுவாகக் கேட்டபோது அவள் சொன்ன எண்களையும் முன்பே ஓரமாகக் குறித்து வைத்திருந்தேன். பேட்டரி 10, கேமரா 8, ஸ்டோரேஜ் 6, அப்டேட் 4, சர்வீஸ் 3, பிடிப்பு 2. அதாவது உண்மையில் முதலாவதாக இருந்தது அங்கே கடைசியில் கிடந்தது. இந்த இரண்டு பட்டியலும் பின்னால் உதவும்.

மதிப்பெண்

பிடிப்பு. ஏ55: 6.6 அங்குலத் திரை, 77.4 மிமீ அகலம், 213 கிராம். பிக்சல் 8ஏ: 6.1 அங்குலம், 72.7 மிமீ, 188 கிராம். தாளில் ஐந்து மில்லிமீட்டர் ஒன்றுமில்லை. கடையில் போய்க் கையில் எடுத்தால்தான் தெரியும். அக்காவை ஒரு கையில் பிடித்து, கட்டைவிரலால் திரையின் எதிர் மூலையைத் தொடச் சொன்னேன். பிக்சலில் எட்டியது. ஏ55-இல் போனை உள்ளங்கையில் நகர்த்தித்தான் தொட முடிந்தது. அப்படி நகர்த்தும் நொடியில்தான் போன் விழும். பிக்சலுக்கு 5, ஏ55-க்கு 2. கடைக்குப் போக முடியாதவர்கள், தெரிந்தவர் யாரிடமாவது அதே அகலம் உள்ள போன் இருக்கிறதா என்று பார்த்துப் பிடித்துப் பார்க்கலாம். உறை போட்டால் அகலம் இன்னும் கொஞ்சம் கூடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

சர்வீஸ். அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் சர்வீஸ் சென்டர் தேடும் பக்கம் இருக்கும். அக்கா ஊரின் பின்கோடைப் போட்டேன். சாம்சங் அவள் பள்ளிக்கு இரண்டு நிறுத்தம் தள்ளி. பிக்சலுக்கு வேறு ஊருக்குப் பேருந்து ஏற வேண்டும், அல்லது அனுப்பி வைக்க வேண்டும். பள்ளி நாளில் லீவு போடாமல் முடியாது. ஏ55-க்கு 5, பிக்சலுக்கு 2. சென்னையில் இருக்கிறவர் இதே வரிக்கு வேறு எண் போடுவார், அதில் தப்பில்லை.

கேமரா. 50 மெகாபிக்சலுக்கு எதிராக 64 என்று எண்ணைப் பார்த்து எழுதிவிடாதீர்கள். இந்த இரண்டு போனும் சாதாரணமாகப் படம் எடுக்கும்போது நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துத்தான் சேமிக்கின்றன. கையில் வருவது ஏறத்தாழ 12 மெகாபிக்சலும் 16 மெகாபிக்சலும். அதைவிட, படம் எப்படி வருகிறது என்பதை மென்பொருள்தான் பெரிதும் தீர்மானிக்கிறது. விமர்சனங்களில் வரும் மாதிரிப் படங்களைத் தேடும்போது, பளிச்சென்ற வெயிலில் எடுத்ததை விட்டுவிடுங்கள். வெயிலில் எல்லாப் போனும் நன்றாக எடுக்கும். அக்காவுக்கு வேண்டியது அறைக்குள், அசையும் பிள்ளைகள். அந்த மாதிரிப் படங்களில் கை, முகத்தின் ஓரம் கலங்கியிருக்கிறதா, தோல் நிறம் நம் நிறமாக இருக்கிறதா என்று பார்த்தேன். பிக்சலுக்கு 4. ஏ55 மோசமில்லை, 3.

பேட்டரி. ஏ55: 5,000 எம்ஏஎச், 25 வாட். பிக்சல்: 4,492 எம்ஏஎச், 18 வாட். எம்ஏஎச் என்பது தொட்டியின் கொள்ளளவு மட்டும்தான். குழாய் எவ்வளவு வேகமாகத் திறந்திருக்கிறது என்பதைத் திரையும் சிப்பும் சிக்னலும் தீர்மானிக்கும். ஆகவே சோதனை மணி நேரத்தைப் பாருங்கள், ஆனால் இரண்டு போனுக்கும் ஒரே தளத்தின் சோதனையை எடுங்கள். ஒன்றுக்கு ஒரு தளம், இன்னொன்றுக்கு வேறு தளம் என்று கலந்தால் திரை வெளிச்சத்தில் தொடங்கி எல்லாம் மாறிவிடும். நான் பார்த்த சோதனையில் ஏ55 கூடுதலாகத் தாங்கியது. மூன்றரை மணி நேரம் திரை ஓட்டுகிற அக்காவுக்கு இரண்டுமே ஒரு நாள் தாங்கும். ஏ55-க்கு 4, பிக்சலுக்கு 3.

ஸ்டோரேஜ். நான்கு வருடத்தில் 71 ஜிபி. 128 ஜிபி போனில் இயங்குதளமே ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும், புதுக் கேமராவின் கோப்புகளும் பெரிதாக இருக்கும். ஐந்தாம் வருடம் இறுக்கமாகும். பிக்சலுக்கு 3, ஏ55-க்கு 5. சிலர் 128 ஜிபி ஏ55 வாங்கி மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். அக்காவுக்கு அது ஒத்துவராது. இரண்டாவது சிம் அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. தவிர, வாட்ஸ்அப் படங்களும் வீடியோக்களும் போனின் உள் நினைவகத்தில்தான் சேரும், கார்டில் அல்ல. நிரப்புவதே வாட்ஸ்அப்தான் என்றால் கார்டு எதற்கு?

அப்டேட். பிக்சலுக்கு ஏழு வருடம். ஏ55-க்கு நான்கு ஆண்ட்ராய்டு பதிப்புகள், ஐந்து வருடப் பாதுகாப்பு அப்டேட். அக்கா ஒரு போனை ஐந்து வருடம் வைத்திருப்பாள், ஆக இரண்டுமே போதும். ஒரு சின்னக் கணக்கு உண்டு: இந்த வருடங்கள் போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகின்றன, நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல. ஏ55 மார்ச்சிலேயே வந்துவிட்டது. ஜூனில் வாங்கினால் மூன்று மாதம் ஏற்கெனவே போயிற்று. பழைய மாடலைத் தள்ளுபடியில் வாங்குகிறவர்களுக்கு இது ஒன்றரை, இரண்டு வருடமாகக்கூட இருக்கும். ஏ55-க்கு 4, பிக்சலுக்கு 5.

கூட்டல்

| விஷயம் | வெயிட்டேஜ் | ஏ55 | பிக்சல் 8ஏ |
|---|---|---|---|
| பிடிப்பு | 10 | 2 | 5 |
| சர்வீஸ் | 8 | 5 | 2 |
| கேமரா | 8 | 3 | 4 |
| பேட்டரி | 6 | 4 | 3 |
| ஸ்டோரேஜ் | 4 | 5 | 3 |
| அப்டேட் | 4 | 4 | 5 |

ஷீட்டில் முதல் வரியைத் தலைப்புக்கு விட்டுவிட்டு, A-யில் விஷயம், B-யில் வெயிட்டேஜ், C-யில் ஏ55, D-யில் பிக்சல் என்று நிரப்புங்கள். எண்கள் இரண்டாம் வரியிலிருந்து ஏழாம் வரி வரை வரும். C9 கட்டத்தில் இதை எழுதுங்கள்:

```
=SUMPRODUCT($B$2:$B$7,C2:C7)/SUM($B$2:$B$7)
```

அந்தக் கட்டத்தை D9-க்கு இழுத்துவிட்டால் பிக்சலின் எண் வந்துவிடும். டாலர் குறி இருப்பதால் இழுக்கும்போது வெயிட்டேஜ் இடம் நகராது. அதை மறந்தால் D9 உங்கள் வெயிட்டேஜை விட்டுவிட்டு ஏ55-இன் மதிப்பெண்ணை வெயிட்டேஜாக எடுத்துக்கொள்ளும். பிழை என்று ஷீட் சொல்லாது, ஏதோ ஒரு நம்பும்படியான எண்ணைக் காட்டும். சூத்திரத்தின் மற்றப் பகுதிகளைச் சரிபார்க்க ஒரு சுலபமான வழி: இரண்டு போனுக்கும் எல்லா வரியிலும் 3 போட்டுப் பாருங்கள். இரண்டு விடையும் சரியாக 3 வர வேண்டும். D9-க்குப் போய் சூத்திரத்தில் `$B$2` அப்படியே இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள், ஏனென்றால் வெயிட்டேஜ் நகர்ந்திருப்பதை மூன்றுகள் காட்டிக்கொடுக்காது.

தாளில் போட்டாலும் இவ்வளவுதான். பிடிப்பு 10 × 2 = 20, சர்வீஸ் 8 × 5 = 40 என்று பெருக்கிக்கொண்டே போனால் ஏ55-க்கு 144. பிக்சலுக்கு 148. வெயிட்டேஜின் கூட்டல் 40-ஆல் வகுத்தால் 3.60, 3.70.

முன்பு ஓரமாக எழுதி வைத்த பழைய வெயிட்டேஜையும் போட்டுப் பார்த்தேன். மதிப்பெண்கள் அதேதான், ஆனால் ஏ55 3.91, பிக்சல் 3.52. கேள்வியை மாற்றிக் கேட்டதில் ஏ55-இன் தெளிவான வெற்றி மறைந்துவிட்டது.

3.70 ஜெயித்ததா?

இல்லை. அட்டவணை வந்ததும் பெரிய எண்ணைப் பார்த்துக் கடைக்குக் கிளம்பிவிடக் கூடாது. கொஞ்சம் ஆட்டிப் பார்க்க வேண்டும். பிடிப்பின் வெயிட்டேஜை 10-இலிருந்து 8 ஆக்கினேன். ஏ55 3.68, பிக்சல் 3.63. தலைகீழாகிவிட்டது. அதைப் பழையபடி 10 ஆக்கிவிட்டு சர்வீஸை 8-இலிருந்து 10 ஆக்கினாலும் ஏ55 3.67, பிக்சல் 3.62.

எவ்வளவு வித்தியாசம் இருந்தால் நம்பலாம்? இப்படிப் பாருங்கள்: கேமராவில் ஏ55-க்கு 3-க்குப் பதில் 4 போட்டிருந்தால் அதன் மொத்தம் 0.2 ஏறியிருக்கும். அந்த 3 நூறு சதவீதம் சரிதானா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆகவே 0.2-க்குள் இருக்கும் எந்த வித்தியாசமும் ஒரே ஒரு சந்தேக மதிப்பெண்ணின் விலைதான். இந்த அட்டவணையில் இரண்டு போனும் சமம். 0.5 போல வித்தியாசம் வந்து, வெயிட்டேஜை அங்கே இங்கே ஆட்டினாலும் அதே போன் முன்னால் நின்றால் தயங்காமல் வாங்கலாம்.

ஆட்டிப் பார்ப்பது வேறு, விடையைப் பிடித்து இழுப்பது வேறு. விடை பிடிக்காமல் போய், பிடிக்கும்வரை எண்களைத் திருத்திக்கொண்டே இருந்தால், எழுதாமல் விட்ட ஏதோ ஒரு வரி உள்ளே இருக்கிறது. நிறம், பிராண்ட் மீது ஆசை, தோழி வைத்திருக்கும் போன் என்று எதுவாகவும் இருக்கலாம். அதையும் ஒரு வரியாக எழுதி வெளிப்படையாக வெயிட்டேஜ் கொடுத்துவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

விலையை இப்போது எடுங்கள்

அட்டவணைக்குள் விலைக்கு வரி இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றே விட்டதுதான். உள்ளே வைத்தால் பத்தாயிரம் ரூபாய் என்பது "2" என்றோ "4" என்றோ சுருங்கி உறைக்காமல் போய்விடும். வெளியே ரூபாயாகவே இருக்கட்டும்.

போனை உண்மையில் எத்தனை வருடம் வைத்திருப்பீர்களோ அதனால் வகுங்கள். அக்காவுக்கு ஐந்து. ஏ55 வருடத்துக்குச் சுமார் 8,600 ரூபாய், பிக்சல் சுமார் 10,600. பிக்சலை ஏழால் வகுத்தால் 7,600-க்குள் வந்து மலிவாகத் தெரியும். ஆனால் அக்கா எந்தப் போனையும் ஏழு வருடம் வைத்திருந்ததில்லை. நீங்கள் வாங்கும் நாளில் சலுகை போக என்ன விலையோ அதைப் போடுங்கள், அறிமுக விலை எனக்கு அன்றைக்குக் கிடைத்த எண் மட்டுமே.

சமமான இரண்டில் ஒன்றுக்கு வருடம் 2,000 ரூபாய் கூடுதல். அந்தப் பணத்துக்கு அக்கா வாங்குவது முக்கியமாகக் கையில் நிற்கும் போன். அது அவளுக்கு அவ்வளவு பெறுமா? இங்கே கடைசியாக ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தோம்: குறைந்த மதிப்பெண் வாங்கிய வரிகளில் எதைச் சின்னச் செலவில் சரிசெய்யலாம்? பிக்சலின் பலவீனமான வரி சர்வீஸ். அதற்கு நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை. ஏ55-இன் பலவீனமான வரி பிடிப்பு. போனுக்குப் பின்னால் ஒட்டி விரலை நுழைத்துக்கொள்ளும் வளையம் நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. கடையில் காட்சிக்கு வைத்திருந்த ஏ55-இல் ஒன்றை மாட்டிப் பார்க்கச் சொன்னோம். கட்டைவிரல் இன்னும் மூலைக்கு எட்டவில்லை, ஆனால் போன் நழுவவில்லை. 2 போட்ட இடத்தில் அக்கா 3 போட்டாள். 3.60 என்பது 3.85 ஆயிற்று.

அக்கா ஏ55 வாங்கினாள், கூடவே கறுப்பு நிறத்தில் ஒரு வளையம்.